அரை மணி நேர அழைப்பு

தமிழை அழகாக எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு கொழுப்பு உண்டு. வாட்சப்பில்கூட முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் நான். "சரிங்க" என்று ஒரு சொல்லில் முடிக்க வேண்டிய பதிலுக்குக்கூட எழுவாய், பயனிலை எல்லாம் தேடுவேன். அந்தக் கொழுப்பு ஒரு தடவை என்னை நன்றாக மாட்டிவிட்டது.

இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். முதலில் கொழும்பில் இருந்த ஓர் இடைத்தரகருக்காக வேலை செய்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவரிடம் பேசுவார்கள், அவர் என்னிடம் பேசுவார், பெயர் அவருக்குப் போகும், முதுகுவலி எனக்கு வரும். ஒரு கட்டத்தில் போதுமடா சாமி என்று விலகி, என் சொந்தப் பெயரிலேயே ஆட்களைத் தேடத் தொடங்கினேன். அலுவலகம் என்று தனியாக ஒன்றும் இல்லை. மஹய்யாவயில் எங்கள் வீட்டு முன்னறையில், அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மடிக்கணினி. அவ்வளவுதான் கம்பனி.

மஹய்யாவ என்றால் கண்டியில் சிலருக்கு முகம் மாறும். எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மாநகர சபை வேலை பார்த்தவர்கள். தெரு கூட்டினார்கள், சாக்கடைக் கான் வெட்டினார்கள், குப்பை அள்ளினார்கள். என் அப்பா இன்னமும் அந்த வேலையில்தான் இருக்கிறார். அவர்கள் துப்புரவு செய்த தெருவில் சந்தோஷமாக நடந்து போகிற ஆட்களுக்கு, அவர்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்காது. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு சிநேகிதியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். "பொறகு குடிக்கிறேன்" என்று பக்கத்தில் வைத்தவர், குடிக்காமலே எழும்பிப் போனார். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் "பொறகு" என்ற சொல்லைக் கேட்டாலே கண் சிவக்கும்.

தொழிலிலும் ஒரு தடவை பட்டேன். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் சும்மா கேட்பது போல "வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஆ, அப்படியா" என்றார். அதோடு அவருடைய தொலைபேசிக்கு என்னுடைய எண் மட்டும் ஏனோ எட்டவில்லை.

அதனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். யாராக இருந்தாலும் தொலைபேசியில்தான் பேச்சு. இதற்குத் தோதாக ஒரு வழக்கம் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. விலை சொல்வதற்கு முன்னால் புது வாடிக்கையாளரோடு கொஞ்ச நேரம் இலவசமாகப் பேச வேண்டும். அவருக்கு என்ன தேவை, நம்மால் முடியுமா, இரண்டு பேருக்கும் ஒத்துப்போகுமா என்று தெரிந்துகொள்ளத்தான். ஆங்கிலத்தில் இந்தத் தொலைபேசிப் பேச்சை டிஸ்கவரி கோல் என்பார்கள். அதற்கு நேரம் கேட்கும்போதே, என்னென்ன பேசப் போகிறோம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு கல்யாண வீட்டுக் கதை மாதிரி நீண்டுபோகும். இந்தக் கோலில் எனக்குப் பிடித்தது, குரல் மட்டும்தான் போகும், வீடு போகாது.

அப்போதுதான் கண்டிக்கு வெளியே அலவத்துகொடயில் இருந்து ஒரு பெண் எழுதினார். வீட்டில் கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாம் பக்கட் செய்து விற்கிறார்களாம். "வெப்சைட் ஒண்டு செய்ய எவ்வளவு போகும்?" இதுதான் முழுச் செய்தி. எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்க எவ்வளவு துணி வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

என் பெயரில் நேரடியாக வரப்போகிற முதல் பெரிய வேலை இது. எப்படியாவது இதைப் பிடித்துவிட வேண்டும். அவர் தமிழில் எழுதியிருந்ததால் நானும் தமிழிலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். டிஸ்கவரி கோலுக்குத் தமிழில் என்ன? கண்டுபிடிப்பு அழைப்பு என்று போட்டால், பொலிஸ் திருட்டு நகையைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "ஒரு கோல் எடுக்கிறேன்" என்று எழுதியிருக்கலாம். ஊரே அப்படித்தான் எழுதும். ஆனால் என் கொழுப்பு விடுமா?

"உங்கள் செய்திக்கு நன்றி. விலை சொல்வதற்கு முன் உங்கள் தேவையை நான் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக உங்களுக்கு ஓர் அறிமுக அழைப்பு விடுக்க விரும்புகிறேன். அரை மணி நேரம் போதும். கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் என்ன விற்கிறீர்கள், யார் வாங்குகிறார்கள், இந்தத் தளத்தால் உங்களுக்கு என்ன நடக்க வேண்டும், எந்தெந்த மொழிகளில் வேண்டும், படங்கள் தயாராக உள்ளனவா, எப்போதைக்குத் தேவை, உத்தேசமாக எவ்வளவு ஒதுக்கலாம், இறுதி முடிவு எடுப்பவர் யார் என்பவற்றைப் பேசுவோம். பேசிய பிறகு இருவருக்கும் சரி என்று பட்டால், செய்யப்போகும் வேலையையும் விலையையும் எழுத்தில் அனுப்புவேன். வியாழன் மாலை ஐந்தரை மணி உங்களுக்கு வசதியா?"

இரண்டு தடவை வாசித்தேன். ஒரு பிழை கிடையாது. என்னை நானே மெச்சிக்கொண்டு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"அழைப்புக்கு மிச்சம் சந்தோசம். எங்கட ஹஸ்பண்டும் நானும் வாறோம் இன்ஷா அல்லாஹ். லொகேஷன் போடுங்க."

வாறோம். லொகேஷன். என் செய்தியை மறுபடியும் படித்தேன். தொலைபேசி என்ற சொல்லே அதில் இல்லை. அழைப்பு விடுக்கிறேன், அறிமுகம், கட்டணம் இல்லை, மாலை ஐந்தரை. யார் படித்தாலும், இந்தப் பெண் நம்மை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். கட்டணம் இல்லாத விருந்து என்பதுதான் அவர்களுக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டிருக்கும்.

"மன்னிக்கவும், நான் குறிப்பிட்டது தொலைபேசி அழைப்பை" என்று அவசரமாக எழுதத் தொடங்கினேன். பின்னால் நின்ற அம்மா, என்னடி முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீடு எட்டிப் பார்த்தது. சிரித்து முடித்துவிட்டு, "கூப்பிட்டுப்புட்டு இப்ப வராதீங்கன்னா சொல்லப் போற?" என்றார்.

"டவுன்ல ஒரு கோப்பிக் கடையில பாக்கலாம்னு சொல்லிர்றேன்மா."

"ஏன், நம்ம வீட்டுக்கு என்னா கொறச்சல்?"

என்ன குறைச்சல் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் நின்றுகொண்டு அதை வாயால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமாக மாறுவதற்கு என்னிடம் அதிக நேரம் எடுக்காது. வந்து பார்க்கட்டுமே, போகிறவர்கள் போகட்டும் என்று லொகேஷனை அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு, ஐயோ வேலை போச்சே என்று கவலைப்படவும் தொடங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை அம்மா வீட்டைக் கழுவிய கழுவலில் எங்கள் தரை வழுக்கியது. நான் மேசையைச் சுவரோரம் தள்ளி, கதிரைகளைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். முஸ்லிம் ஆட்கள் என்பதால் அம்மா சந்தியில் இருக்கிற முஸ்லிம் பேக்கரிக்கே நடந்து போய் ரோல்ஸும் கேக்கும் வாங்கி வந்தார். "நம்ம பண்ணுனா அவங்களுக்குச் சந்தேகமா இருக்கும், இதுன்னா நிம்மதியா சாப்பிடுவாங்க" என்றார். இவ்வளவு யோசிக்கிற அம்மாவை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். கணவர் ஒரு பை நிறையக் கராம்பு, கறுவா பக்கட்டுகளோடு பின்னால் வந்தார். எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் வாகனம் வராததால் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். வரிசை வீடுகள், வாசலில் காயும் துணி, சபையின் மஞ்சள் மேலங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். இருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"வாங்க, ஒக்காருங்க" என்றார் அம்மா.

நான் அந்தப் பெண்ணைத் தாத்தா என்று கூப்பிட்டேன். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா, இருக்கும் என்பது ஈக்கும். கண்டியில் வளர்ந்த எங்களுக்கு அது பழக்கம். அவரும் என்னைத் தங்கச்சி என்றார். நல்ல தொடக்கம்தான். அம்மா ரோல்ஸ் தட்டையும் பால் தேத்தண்ணியையும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்.

"எடுத்துக்குங்க."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து, "பொறகு குடிக்கிறோமே" என்றார்.

பொறகு. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. சமையலறை வாசலில் நின்ற அம்மாவின் முகம் ஒரு நொடியில் சின்னதாகிப் போனது. அந்தப் பேக்கரிப் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்த அம்மா. எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக அந்த இரண்டு பேரையும் அப்போதே வாசலைக் காட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் கூப்பிட்டது நான்தானே. சரி, சொன்னபடி அரை மணி நேரம் பேசுவோம், அதோடு கணக்கு முடிந்தது என்று மடிக்கணினியைத் திறந்தேன்.

"அரை மணித்தியாலம்தான். நேரா விஷயத்துக்கு வந்துடுவோம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதுதான் நல்லம்" என்றார் அந்தத் தாத்தா. இன்னும் எரிந்தது.

என்ன விற்கிறீர்கள் என்று கேட்டேன். கணவர் ஒவ்வொரு பக்கட்டாக மேசையில் அடுக்கினார். தளத்தால் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டேன். "பெரிசா ஈக்கணும். கொம்பனி மாதிரி. எங்கட வரலாறு, எங்கட நோக்கு, ஒரு வீடியோ" என்று அவர் விரல் விட்டு எண்ணினார். மனைவி பக்கட்டுகளை வரிசையாக நேராக்கிக்கொண்டிருந்தார். எல்லா மொழியும் வேண்டும் என்றார் கணவர். எல்லாமே என்றால் எத்தனை என்று கேட்டேன். எல்லாமே என்றார்.

வேறு நாளாக இருந்தால் அவர் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு விலை போட்டு அனுப்பியிருப்பேன். அன்றைக்கு இருந்த எரிச்சலில் அந்தத் தாத்தாவின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, இந்தத் தளம் இல்லாததால உங்களுக்கு இப்ப என்ன கஷ்டம்?" என்று கேட்டேன்.

அவர் தன் தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். வரிசையாகக் குரல் செய்திகள். குவைத், கட்டார், லண்டன் என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள், அவர்களுடைய சிநேகிதர்கள். கறுவா என்ன விலை, சின்னப் பக்கட் இருக்கிறதா, சாதிக்காய் முழுசா தூளா, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்ப முடியுமா. எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகள்.

"ஆணம் அடுப்புல கருகுது தங்கச்சி, நான் ஒவ்வொருத்தருக்கா பதில் செல்லிட்டு ஈக்கிறேன். வரலாறு யாருக்கு வேணும்? வெலயும் படமும் ஒரு எடத்துல ஈந்தா போதும்."

எனக்குக் கோபம் மறந்துபோனது. இது என் தொழிலில் இருக்கிற ஒரு கிறுக்கு. ஆள் என்ன கேட்கிறார் என்பதற்கும் ஆளுக்கு என்ன தேவை என்பதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பிடிபட்டுவிட்டால், எனக்கு வேறு ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. "அப்படின்னா பெரிய தளமே வேணாம் தாத்தா" என்று கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு படம், நிறை, விலை, கீழே வாட்சப் பொத்தான். தொட்டால் எந்தச் சரக்கு என்பது செய்தியிலேயே தானாக எழுதப்பட்டு வரும். தமிழும் ஆங்கிலமும் போதும், சிங்களத்தைப் பிறகு சேர்க்கலாம். அவர் கண்ணை அகல விரித்தார். படம் எப்படி எடுப்பது என்று கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியில் வைத்து எடுக்கச் சொல்லி, அங்கேயே ஒரு கறுவாப் பக்கட்டை வைத்து எடுத்தும் காட்டினேன். வெளிச்சம் போதவில்லை. ஜன்னலைத் திறந்து திரும்பவும் எடுத்தோம்.

கடைசிக் கேள்வி, இறுதி முடிவு யாருடையது என்பது. வழமையாக இந்தக் கேள்விக்குப் பெண்கள் கணவரைப் பார்ப்பார்கள். இங்கே கணவர் கையை மனைவி பக்கம் நீட்டினார். "யாவாரம் இவவுட. நான் வாகனம் ஓட்டுற ஆள்தான்." எல்லோரும் சிரித்துவிட்டோம். ஸ்டூலில் தேத்தண்ணிக்கு மேல் ஆடை படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஜன்னலைப் பார்த்தேன், வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அந்தத் தாத்தா கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே பேரீச்சம்பழம்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி தாறீங்களா? நோன்பு தொறக்கணும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. நோன்பு மாதம் முடிந்து எவ்வளவோ நாளாகிறது.

"வியாழக்கெழமயில பிடிக்கிற நோன்பு. செல்லிக்கிட்டுத் திரியிற வேல இல்லயே" என்றார் கணவர், கொஞ்சம் கூச்சத்தோடு. "அரை மணித்தியாலம்ண்டு போட்டீந்தீங்க. போற வழியில தொறக்க ஏலும்ண்டு நெனச்சம்."

நான் எழும்புவதற்குள் அம்மா உள்ளே போய்விட்டார். இரண்டு கிளாஸ் தண்ணீரோடு வந்தார். அவசரத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவர்கள் பழத்தை வாயில் போட்டு, எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். காலையில் இருந்து காய்ந்த தொண்டை. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கியும் குடித்தார்கள். இவர்களையா வாசலைக் காட்டி அனுப்பப் பார்த்தேன் என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பாகவும் ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது.

கணவர் எழும்பினார். "நான் பள்ளிக்கிப் போய்த் தொழுதுட்டு வாறன். நீங்க இந்தப் புள்ளக்கி வேலயக் குடுக்கிறதா இல்லயாண்டு பாருங்க."

"அது எப்பயோ பாத்தாச்சி. முடிவு என்டதானே" என்றார் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "எழுதி அனுப்புங்க, நாளைக்கே தொடங்குவம்" என்றார்.

சரி என்று தலையை ஆட்டினேன். அம்மா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகக் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

"எனக்கும் தொழணும். உள்ளுக்கு ஒரு எடம் தாறீங்களா?" என்று அந்தத் தாத்தா கேட்டார்.

அம்மா அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். அவர் குழாயடியில் கைகால் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் அம்மா, யார் கல்யாணத்துக்குக் கொடுப்பதற்காகவோ எடுத்து வைத்திருந்த ஒரு புதுப் படுக்கை விரிப்பின் உறையைக் கிழித்து விரிக்கப் போனார். விரிப்பை ஒரு முனையில் நானும் பிடித்துக்கொண்டேன். அந்தத் தாத்தா வாசலில் நின்று எங்களைத் தடுத்தார்.

"ஐயோ, புதுச என்னத்துக்கும்மா நாசமாக்குற? வேணாம். நெலம் எவ்வளவு சுத்தமா ஈக்கிது."

சொல்லிவிட்டு அப்படியே வெறுந்தரையில் நின்று தொழத் தொடங்கினார். அம்மா விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது, இரண்டு பேரும் இறக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்துச் சுத்தம் என்ற அந்தச் சொல்லை ஒரு வெளியாள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கும் அது முதல் தடவைதான் என்று அவர் அழுததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.